விரிசல் இல்லாத பிளேடு ஏன் வலுவிழக்கிறது? டர்பைனுக்குள் நடக்கும் துகள் பருத்தல்

எரிவாயு டர்பைன் ஒன்றை 24,000 மணி நேரம் ஓட்டிவிட்டுத் திறக்கிறார்கள். முதல் வரிசை பிளேடுகளில் விரிசல் இல்லை, வளைவு இல்லை, மேல்பூச்சும் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. ஒரு பிளேடை மட்டும் அறுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். "உள்ளே இருக்கும் துகள்கள் பருத்துவிட்டன, உலோகத்தின் வலு குறைந்திருக்கிறது" என்று அறிக்கை வருகிறது. வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகவில்லை, உள்ளிருந்து எதுவும் வெளியே வரவில்லை, வேதிக் கலவையும் அதேதான். பிறகு என்ன மாறியது?

மாறியது அளவும் எண்ணிக்கையும் மட்டும். சிறிய துகள்கள் கரைந்து காணாமல் போயின. அவற்றில் இருந்த அணுக்கள் பெரிய துகள்களில் போய் ஒட்டிக்கொண்டன. இதற்கு ஆஸ்ட்வால்ட் முதிர்வு என்று பெயர். ஜெர்மன் வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் 1900-இல் பாதரச ஆக்சைடைக் கொண்டு இதை விளக்கினார். அந்த ஆக்சைடு மஞ்சளாகவும் கிடைக்கும், சிவப்பாகவும் கிடைக்கும். பொருள் ஒன்றுதான், மஞ்சள் பொடியின் துகள்கள் மிகச் சிறியவை. மஞ்சள் பொடி சற்றுக் கூடுதலாகக் கரைவதற்கு அந்தச் சிறிய அளவே காரணம் என்பது அவர் சொன்னது. டர்பைன் பிளேடுக்குள் நடப்பதும் அடிப்படையில் இதேதான். கரைப்பான் மட்டும் தண்ணீருக்குப் பதில் திட நிக்கல்.

## பிளேடுக்குள் துகள் எப்படி வந்தது?

மின்நிலைய டர்பைன்களில் நெடுங்காலமாகப் பயன்படும் இன்கோனல் 738 என்ற கலவையை எடுத்துக்கொள்வோம். இதில் பெரும்பங்கு நிக்கல். அதோடு குரோமியம், கோபால்ட் முதலியவையும், எடையில் 3.4 விழுக்காடு அளவுக்கு அலுமினியமும், ஏறத்தாழ அதே அளவு டைட்டானியமும் உண்டு.

வார்த்த பிளேடை முதலில் 1120 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் வைக்கிறார்கள். அலுமினியத்திலும் டைட்டானியத்திலும் பெரும்பகுதி அப்போது நிக்கலில் கரைகிறது. குளிர்ந்ததும் அவ்வளவையும் கரைத்து வைத்திருக்க நிக்கலால் முடியாது. அப்புறம் 845 டிகிரியில் 24 மணி நேரம். கரைந்து நிற்க இடமில்லாத அணுக்கள் இப்போது நிக்கலோடு சேர்ந்து, மூன்று நிக்கலுக்கு ஒரு அலுமினியம் அல்லது டைட்டானியம் என்ற ஒழுங்கில் சின்னச் சின்னப் படிகங்களாகப் பிரிகின்றன. இந்தப் படிகங்களுக்குக் காமா பிரைம் என்று பெயர். சோதனைக் குழாயில் உப்பு வீழ்படிவாக இறங்குவது போலத்தான் இதுவும். ஆனால் இங்கே இறங்கிப் படிய அடித்தளம் இல்லை, உருவான இடத்திலேயே திடத்துக்குள் சிறைப்பட்டு நிற்கும். சுற்றியிருக்கும் நிக்கலை இந்தக் கட்டுரையில் தாய் உலோகம் என்று சொல்கிறேன்.

வலுவைக் கொடுப்பது இந்தத் துகள்கள்தான். உலோகம் வளைகிறது என்றால், அதன் படிக அடுக்குகளில் இருக்கும் இடப்பெயர்வு எனப்படும் கோட்டுக் குறைகள் நகர்கின்றன என்று பொருள். அவை நகர்ந்து வரும் வழியில் துகள்கள் நின்றால், கோடு துகளை வெட்டிக்கொண்டு போக வேண்டும், அல்லது இரண்டு துகள்களுக்கு நடுவே வளைந்து பிதுங்கி வெளியே வர வேண்டும். இடைவெளி குறுகலாக இருந்தால் பிதுங்குவது கடினம். ஆகவே ஒரே அளவு பொருளை நிறைய சிறு துகள்களாக நெருக்கமாக வைத்திருப்பது நல்லது. மிகவும் சிறியதாகிவிட்டால் கோடு எளிதாக வெட்டிவிடும் என்பதால், சிறுமைக்கும் ஒரு எல்லை உண்டு. உலையில் 24 மணி நேரம் வைப்பதே அந்த உகந்த அளவுக்குக் கொண்டுவரத்தான். பருத்தல் எப்போதுமே கெடுதல் என்று நினைக்க வேண்டியதில்லை. உலையில் அதை வேண்டித்தான் நடத்துகிறோம், டர்பைனில் வேண்டாமலே நடக்கிறது.

## சிறியது ஏன் கரைகிறது?

துகளின் உள்ளே இருக்கும் அணுவுக்கு நாலாபுறமும் பொருத்தமான அண்டை அணுக்கள் உண்டு. விளிம்பில் இருக்கும் அணுவுக்கு ஒரு பக்கம் சொந்தப் படிகம், மறுபக்கம் அந்நிய உலோகம். இந்தப் பொருந்தாமைக்கு ஒரு ஆற்றல் விலை இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் எல்லைக்கு எவ்வளவு ஆற்றல் என்று அதை அளப்பார்கள். பரப்பு ஆற்றல் என்பது அதுதான். தண்ணீரின் மேற்பரப்பில் அது சுமார் 72 மில்லிஜூல். நிக்கலுக்கும் காமா பிரைமுக்கும் இடையில் ஏறத்தாழ 10 முதல் 20 மில்லிஜூல்தான். இரண்டின் அணு அடுக்குகளும் கிட்டத்தட்ட ஒன்றோடொன்று பொருந்திப் போவதால் இவ்வளவு குறைவு.

இப்போது இரண்டு படிகளாக யோசிக்கலாம்.

1. துகள் சிறியதாக இருக்க இருக்க, அதன் பருமனோடு ஒப்பிட்டால் அதன் பரப்பு கூடுகிறது. உருண்டைத் துகளுக்கு இந்த விகிதம் 3/r. இதில் r என்பது ஆரம். ஒரு கன சென்டிமீட்டர் காமா பிரைமை 0.2 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள உருண்டைகளாக உடைத்தால், மொத்தப் பரப்பு 15 சதுர மீட்டர். 0.3 மைக்ரோமீட்டர் ஆரமானால் 10 சதுர மீட்டர்.

2. அதனால் சிறு துகளில் உள்ள ஒவ்வொரு அணுவின் தலையிலும் விழும் பரப்புச் செலவு அதிகம். அந்த அணு துகளை விட்டு வெளியேறித் தாய் உலோகத்தில் கரைவது அந்த அளவுக்கு எளிதாகிறது. சிறு துகளைச் சுற்றியுள்ள உலோகத்தில் கரைந்த அலுமினியம் சற்று அதிகமாகவும், பெரிய துகளைச் சுற்றி சற்றுக் குறைவாகவும் இருக்கும்.

இதைச் சொல்லும் கிப்ஸ்–தாம்சன் சமன்பாடு இது:

c(r) ≈ c∞ (1 + 2γVm / (RTr))

c∞ என்பது மிகப் பெரிய துகளுக்குப் பக்கத்தில் உள்ள கரைதிறன், γ பரப்பு ஆற்றல், Vm ஒரு மோல் அணுக்களின் பருமன், R வாயு மாறிலி, T கெல்வினில் வெப்பநிலை. 700 டிகிரி செல்சியஸில் γ-வை 20 மில்லிஜூலாக வைத்துக் கணக்கிட்டால், 5 நானோமீட்டர் ஆரமுள்ள துகளைச் சுற்றிக் கரைதிறன் 0.7 விழுக்காடு கூடுகிறது. 200 நானோமீட்டர் துகளுக்கு 0.02 விழுக்காடுகூட இல்லை. இது நீர்த்த கரைசலுக்கான எளிய வடிவம். காமா பிரைமில் கால்பங்கு அலுமினியம் இருப்பதால், நிக்கல் கலவையில் இந்த எண்கள் சில மடங்கு கூடும். கூடினாலும் சின்ன எண்கள்தான்.

இவ்வளவு சிறிய வித்தியாசம் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். மேலே சொன்ன 15 சதுர மீட்டர் 10 ஆகக் குறைந்தால் மிச்சமாகும் ஆற்றல், ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 0.1 ஜூல். 10 கிராம் எடையை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் ஆற்றல் அது. ஆனால் வீழ்படிவு முழுவதும் இறங்கி முடிந்த பிறகு உலோகத்துக்குள் வேறு எந்த உந்துதலும் மிச்சமில்லை. எதிர்த்து நிற்க எதுவும் இல்லாதபோது, சிறிய உந்துதலும் போதிய சூடும் பல ஆயிரம் மணி நேரமும் சேர்ந்தால் வேலை நடந்துவிடும்.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே விலக்கிவிடலாம். பெரிய துகள் சிறியதைத் தேடிப்போய் விழுங்குவதில்லை. துகள்கள் இருந்த இடத்தை விட்டு நகர்வதே இல்லை. சிறு துகளிலிருந்து அணுக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, அடர்த்தி குறைந்த பக்கம் நோக்கித் தாய் உலோகம் வழியே விரவிப்போய், பெரிய துகளில் படிகின்றன. காமா பிரைமில் இரண்டு துகள்கள் அருகருகே வளர்ந்து முட்டினாலும் சட்டென்று ஒன்றாவதில்லை. அந்தப் படிகத்தில் அணுக்கள் வரிசைப்பட நான்கு சமமான வழிகள் இருக்கின்றன. பக்கத்துத் துகளும் அதே வரிசையில் இருக்க நாலில் ஒரு வாய்ப்புதான். மற்ற மூன்று வேளைகளில், ஒட்டினால் நடுவே ஒரு பிசகிய சுவர் உருவாகும். அதற்கு ஆகும் ஆற்றல் அதிகம் என்பதால், நடுவில் ஒரு மெல்லிய நிக்கல் படலத்தை விட்டுவிட்டு அப்படியே நிற்கும்.

## சராசரி என்ற நகரும் கோடு

எது சிறியது, எது பெரியது? இதற்கு நிலையான பதில் கிடையாது. தாய் உலோகத்தில் கரைந்திருக்கும் அலுமினியத்தின் பொது அளவு, ஏதோ ஒரு ஆரமுள்ள துகளின் கரைதிறனுக்குச் சமமாக இருக்கும். அந்த ஆரத்தை நிலைமாறு ஆரம் என்போம். அதற்கு மேலுள்ள துகள் வளரும், கீழுள்ள துகள் தேயும், சரியாக அதே அளவுள்ளது அந்த நொடியில் அப்படியே நிற்கும். விரவல்தான் வேகத்தை முடிவு செய்கிறது என்றால், இந்த நிலைமாறு ஆரம் துகள்களின் சராசரி ஆரமாகவே அமைகிறது.

சிறியவை மறைய மறைய சராசரி ஏறுகிறது. தாய் உலோகத்தில் கரைந்திருக்கும் அலுமினியம் அதற்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. நேற்று சராசரிக்குச் சற்று மேலே இருந்து மெதுவாக வளர்ந்துகொண்டிருந்த துகளைச் சராசரி முந்திப் போய்விட்டால், இன்று அது தேயத் தொடங்கும். ஆகவே நன்றாக வளர்ந்த துகளுக்கும் உத்தரவாதம் கிடையாது. தேய்வு கடைசியில் வேகம் பிடிக்கும். ஆரம் குறையக் குறையக் கரைதிறன் கூடுவதால், முடிவு நெருங்கும்போது துகள் சட்டென்று மறையும்.

இன்கோனல் 738-இல் இதைக் கண்ணால் பார்க்கலாம். புதிய பிளேடில் இரண்டு அளவுகளில் காமா பிரைம் இருக்கும்: அரை மைக்ரோமீட்டர் அளவிலான கனசதுரம் போன்றவை, அவற்றுக்கு நடுவே 0.1 மைக்ரோமீட்டர் அளவிலான குட்டி உருண்டைகள். சூட்டில் ஓடிய பிளேடில் முதலில் காணாமல் போவது அந்தக் குட்டி உருண்டைகள்தான். மின்னணு நுண்ணோக்கிப் படத்தில் கனசதுரங்களுக்கு இடையிலான நிக்கல் வெறுமையாகத் தெரிந்தால், முதிர்வு நன்றாக நடந்திருக்கிறது என்று அளவுகோல் இல்லாமலே சொல்லிவிடலாம்.

## ஆரத்தின் கனமும் காலமும்

வேகம் எவ்வளவு என்பதற்கு 1961-இல் வெளியான இரண்டு ஆய்வுகள் விடை தந்தன. ஒன்று சோவியத் ஒன்றியத்தின் லிஃப்ஷிட்ஸும் ஸ்லியோசோவும் எழுதியது. மற்றது ஜெர்மானியரான கார்ல் வாக்னர் எழுதியது. முடிவு ஒன்றே:

r³ − r₀³ = K·t

r சராசரி ஆரம், r₀ தொடக்கத்தில் இருந்த சராசரி, t காலம், K பருத்தலின் வேகத்தைச் சொல்லும் மாறிலி. கனம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்கு இல்லாமலே புரிந்துகொள்ளலாம். அணுக்களைத் தள்ளும் அடர்த்தி வித்தியாசம் 1/r என்ற கணக்கில் குறைகிறது. அவை கடக்க வேண்டிய தூரம் r-ஐப் போலவே கூடுகிறது. உந்துதல் குறைந்து தூரமும் கூடினால், வளரும் வேகம் 1/r² ஆகிறது. அதைக் காலத்தோடு கூட்டிக்கொண்டே போனால் r³ காலத்தோடு நேர்கோட்டில் ஏறும்.

K-யின் வடிவம் இது:

K = 8γDc∞Vm² / (9RT)

இதில் D விரவல் குணகம், அதாவது அணுக்கள் தாய் உலோகத்தில் எவ்வளவு வேகமாக இடம் மாறுகின்றன என்பதன் அளவு. வெப்பநிலையால் மிகக் கடுமையாக மாறுவது இதுதான். நிக்கலில் அலுமினியத்தின் விரவலுக்குத் தேவைப்படும் ஆற்றல் ஒரு மோலுக்கு சுமார் 270 கிலோஜூல். இதை வைத்துப் பார்த்தால், 900 டிகிரியிலிருந்து 930-க்கு ஏறினாலே வேகம் இரண்டு மடங்கு. 1000-க்கு ஏறினால் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். துகள்கள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில், கலவையில் மிகக் குறைவான பங்காக இருக்கும் என்பது 1961 கணக்கின் எடுகோள். இன்கோனல் 738-இல் காமா பிரைம் பாதிக்குச் சற்றுக் குறைவு. நவீன ஒற்றைப் படிக பிளேடுகளில் 70 விழுக்காடு. இவ்வளவு நெருக்கத்தில் அணுக்கள் கடக்கும் தூரம் குறைகிறது, எனவே K கூடுகிறது. மிகப் பெரிய துகள் சராசரியைப் போல 1.5 மடங்குக்கு மேல் இருக்காது என்று அந்தக் கணக்கு சொல்கிறது. உண்மையில் அதைவிடப் பெரியவை தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் கன விதி மட்டும் நன்றாகவே தாக்குப்பிடிக்கிறது. ஆகவே K-யைச் சூத்திரத்திலிருந்து எடுக்காமல், அதே கலவையை உலையில் வைத்து அளந்து எடுப்பதே சரியான வழி.

## அந்த பிளேடுக்கு ஒரு கணக்கு

முதலில் சொன்ன 24,000 மணி நேர பிளேடுக்குத் திரும்புவோம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. பிளேடின் வேர்ப்பகுதி சுழலியின் தட்டில் செருகப்பட்டிருக்கும்; அங்கே சூடு குறைவு, துகள் கிட்டத்தட்ட பழைய அளவிலேயே இருக்கும். அங்கே அளந்தால் r₀ கிடைக்கிறது: 0.20 மைக்ரோமீட்டர். வெப்பவாயு நேராகப் படும் இறக்கைப் பகுதியின் நடுவில் அளந்தால் r: 0.30 மைக்ரோமீட்டர்.

1. கனங்களின் வித்தியாசம் 0.027 − 0.008 = 0.019 கன மைக்ரோமீட்டர்.

2. அதை 24,000-ஆல் வகுத்தால், K ஒரு மணிக்கு சுமார் 790 கன நானோமீட்டர்.

3. மொத்தக் காமா பிரைம் மாறவில்லை என்பதால், துகள்களின் எண்ணிக்கை (0.20/0.30)³, அதாவது 30 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. பத்துத் துகளில் ஏழு மறைந்துவிட்டன.

4. துகள்களுக்கு இடையிலான வெளி 1.5 மடங்காகியிருக்கிறது. இடப்பெயர்வுக் கோடு பிதுங்கி வெளியேறத் தேவைப்படும் தகைவு இடைவெளிக்கு எதிர்விகிதத்தில் போகும். எனவே அந்த வகையில் துகள்கள் தந்த தடுப்பு மூன்றில் இரண்டு பங்குதான் மிச்சம்.

இந்த மூன்றில் இரண்டு என்பது பிளேடின் மொத்த வலுவுக்கான எண் அல்ல. துகள் தரும் பங்குக்கு மட்டும். ஆனால் பிளேடு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகளில் வெளிநோக்கி இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. நீண்ட நேர இழுப்பில் உலோகம் மெல்ல மெல்ல நீளும் ஊர்வு, இந்த இடைவெளியைத்தான் நம்பி நடக்கிறது.

## துகளே வெப்பமானி

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருவதுதான். ஓடும் பிளேடின் உலோக வெப்பநிலையை நேரடியாக அளப்பது கடினம். ஆனால் K வெப்பநிலையைப் பொறுத்தது. K-யை இப்போது அளந்துவிட்டோம். அதே கலவையை உலையில் 850, 900, 950 டிகிரிகளில் வைத்து எடுத்த K-களின் வரைபடத்தில் 790 எங்கே விழுகிறது என்று பார்த்தால், பிளேடு எந்தச் சூட்டில் ஓடியது என்று தெரியும்.

இதில் பிழை எவ்வளவு? இறக்கையில் அளந்த ஆரம் 10 விழுக்காடு கூடுதலாகிவிட்டது, 0.33 என்று வந்துவிட்டது என்று வைப்போம். K 47 விழுக்காடு கூடிவிடும். பயமுறுத்தும் எண்தான். ஆனால் 900 டிகிரி வட்டாரத்தில் K அவ்வளவு கூட வெறும் 16 டிகிரி ஏறினால் போதும். 10 விழுக்காடு குறைவாக அளந்திருந்தால் பிழை 21 டிகிரி. ஆரம் கனமாவதால் பெருகும் பிழையை, வெப்பநிலையின் மீதுள்ள கடும் சார்பு மறுபடி அடக்கிவிடுகிறது. வெப்பமானியாக இது ஓரளவு நம்பலாம் என்பதற்குக் காரணம் அதுதான்.

கிடைப்பது சாதாரணச் சராசரி வெப்பநிலை இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. பிளேடு 900 டிகிரியில் 23,000 மணி நேரமும், எரிப்பறை கோளாறால் 1000 டிகிரியில் 1,000 மணி நேரமும் ஓடியது என்று கொள்வோம். அந்த 1,000 மணி நேரம் மட்டும் 900 டிகிரியின் கிட்டத்தட்ட 8,700 மணி நேரத்துக்குச் சமம். கணக்கில் வரும் விடை சூட்டின் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

## கணக்கு எங்கே சறுக்கும்?

அதிகம் பேர் சறுக்குவது r₀-வில். ஆரத்தையும் காலத்தையும் மடக்கை அளவில் வரைந்து, சாய்வு 1/3 வருகிறதா என்று பார்ப்பார்கள். மேலே உள்ள பிளேடின் எண்களையே போடுங்கள்: 3,000 மணியில் ஆரம் 0.218, 24,000 மணியில் 0.30. இந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே சாய்வு 0.15 தான் வருகிறது. கன விதிப்படியே கணக்கிட்ட எண்களுக்கே இந்த நிலை! r₀ இன்னும் பெரிய பங்காக இருக்கும்வரை சாய்வு 1/3-ஐ எட்டாது. வரைய வேண்டியது r³-க்கு எதிராக t. நேர்கோடு வந்தால் சரி.

நேர்கோடு வந்தாலும் வாதம் முடிந்துவிடாது. நிக்கல்–அலுமினியக் கலவையில் இந்த கன விதியை 1966-இல் நிக்கல்சனோடு சேர்ந்து கவனமாக அளந்த ஆலன் ஆர்டெல், 2005-இல் ஓசோலின்ஸோடு சேர்ந்து வேறு ஒரு விளக்கம் வைத்தார். துகளின் விளிம்பு ஒரு கூர்மையான கோடு இல்லை, ஒழுங்கான படிகம் மெல்ல மெல்ல ஒழுங்கற்றதாக மாறும் ஒரு படலம். அணுக்கள் அந்தப் படலத்தைக் கடக்கும் இடத்தில்தான் தாமதம் என்றார். அப்படியானால் சிறு துகள்களில் r² தான் காலத்தோடு நேராக ஏறும். ஒரே அளவீட்டுத் தொகுதிக்கு r², r³ இரண்டுமே ஏறத்தாழ நேராகப் பொருந்துவது சகஜம், ஏனென்றால் ஆரம் மொத்தமே இரண்டு மூன்று மடங்குதான் மாறுகிறது.

பருத்தல்தான் நடந்தது என்று உறுதியாகச் சொல்ல, ஆரத்தோடு இன்னும் இரண்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். காமா பிரைமின் மொத்தப் பங்கு மாறாமல் இருக்க வேண்டும். துகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வர வேண்டும். பங்கும் சேர்ந்து கூடுகிறது என்றால், வீழ்படிவு இன்னும் இறங்கி முடியவில்லை. அது வேறு நிகழ்வு, அதற்கு இந்த விதி பொருந்தாது.

அளக்கும் முறையிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. மெருகேற்றிய வெட்டுமுகத்தில் தெரிவது துகளின் நடுவெட்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே அளவு உருண்டைகளைக் கண்டபடி வெட்டினால், தெரியும் வட்டங்களின் சராசரி ஆரம் உண்மை ஆரத்தில் 79 விழுக்காடுதான். வேர், இறக்கை, உலை மாதிரி மூன்றையும் ஒரே முறையில் அளந்தால் இந்தக் குறை தானாகவே அடிபட்டுப் போகும். ஒன்றை மட்டும் வேறு ஆய்வகத்தில் வேறு முறையில் அளந்தால் வெப்பநிலை தடுமாறும்.

ஒற்றைப் படிக பிளேடில் சுமார் 1000 டிகிரிக்கு மேல் இந்த வெப்பமானியே உடைந்துவிடும். இழுவிசையின் கீழ் அங்கே கனசதுரத் துகள்கள் ஒரே பக்கமாக வளர்ந்து இணைந்து, இழுவைக்குக் குறுக்கே தட்டுகளாக அடுக்கப்படுகின்றன. இதைத் தெப்பமாதல் என்று சொல்லலாம். அணுக்களின் போக்கைப் பரப்பு ஆற்றலோடு தகைவும் சேர்ந்து முடிவு செய்யும் இடம் அது. ஆரம் என்ற சொல்லுக்கே அங்கே பொருள் இல்லை.

## மெதுவாக்குவது எப்படி?

K-யின் சூத்திரத்தைப் பார்த்தால் கைவைக்கக்கூடிய இடங்கள் மூன்று: γ, D, c∞. நிக்கல் கலவைகளில் γ ஏற்கெனவே மிகக் குறைவு, அதனால்தான் இந்தக் கலவைகள் இத்தனை காலம் நிலைத்தன. D-யைக் குறைக்கத்தான் டங்ஸ்டனும் ரீனியமும் சேர்க்கிறார்கள். இவை நிக்கலில் மிக மெதுவாக நகர்பவை. ரீனியம் காமா பிரைமுக்குள் அதிகம் நுழையவும் நுழையாது. துகள் வளர வேண்டுமானால் முன்னால் நிற்கும் ரீனியம் விலக வேண்டும், அது விலகவே நேரமாகும். இரண்டாம் தலைமுறை ஒற்றைப் படிகக் கலவைகளில் எடையில் சுமார் 3 விழுக்காடு ரீனியம், மூன்றாம் தலைமுறையில் சுமார் 6. விலையும் எடையும் ஏறுவதால் அதற்கு மேல் போவது எளிதில்லை.

c∞ வழி இன்னும் கடுமையானது: கரையவே கரையாத துகளைப் போட்டுவிடுவது. யிட்ரியம் ஆக்சைடு நிக்கலில் கரைவது அற்பம்; கரைந்து விரவ அணுவே இல்லையென்றால் முதிர்வும் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் கரையாத ஒன்றை உருக்கிக் கலக்கவும் முடியாது. உலோகப் பொடியோடு சேர்த்துப் பந்து ஆலையில் அரைத்துத்தான் கலக்க வேண்டும், வார்ப்பில் பிளேடு செய்யும் வசதி போய்விடும்.

## பழைய அளவுக்குத் திருப்ப முடியுமா?

முடியும். முதலில் செய்த வேலையையே மறுபடி செய்ய வேண்டும்: மேல்பூச்சை உரித்து, பிளேடை 1120 டிகிரி வட்டாரத்தில் வைத்தால் பருத்த துகள்களில் பெரும்பகுதி கரையும், பிறகு 845 டிகிரியில் வைத்தால் மெல்லிய துகள்கள் புதிதாக இறங்கும். கரைப்பு முழுமையாகவில்லை என்றால், மிச்சம் நிற்கும் பெரிய துகள்கள் புதியவற்றின் பங்கைப் பிடித்துக்கொள்ளும். எனவே உலையின் சூடு எல்லாப் பகுதிக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். ஊர்வின்போது படிகமணிகளின் எல்லையில் உருவான நுண்குழிகளை இந்தச் சூடு மூடாது. அதற்கு உயரழுத்த வாயுவில் வைத்து அமுக்க வேண்டும், அதுவும் மேற்பரப்பு வரை திறந்திருக்கும் குழிகளில் பலிக்காது.

உலையில் போட்ட பிளேடின் வேரிலும் துகள் புதிதாகிவிடுகிறது. அடுத்த முறை திறக்கும்போது வேரில் கிடைக்கும் r₀ இந்தச் சூடாக்கத்துக்குப் பிந்தைய அளவு. முதல் 24,000 மணி நேரத்தின் தடம் அதில் இருக்காது. பிளேடின் பதிவேட்டில் மொத்த ஓட்டம் 48,000 மணி என்று எழுதியிருக்கும். ஆனால் வெப்பநிலைக் கணக்கில் t-க்குப் போட வேண்டியது உலையிலிருந்து வெளியே வந்த பிறகான 24,000. 48,000-ஐப் போட்டால் K பாதியாகும், பிளேடு உண்மையில் ஓடியதைவிட சுமார் 30 டிகிரி குளிர்ச்சியாக ஓடியது போலக் காட்டும்.